ஐந்து அரிசி, ஒரே கோடு

எங்கள் தெருமுனை அரிசிக் கடை அண்ணாச்சி கணக்கை எக்செலில்தான் வைத்திருக்கிறார். ஐந்து வகை அரிசி, ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு மாதம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மாதம் எத்தனை சிப்பம் போனது என்ற எண். அவர் மகன் அந்த அட்டவணையை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரு சார்ட் போட்டுக் கொடுத்திருந்தான். பொன்னியின் கோடு அறுபது, எழுபது என்று உயரத்தில் தனியாக ஓடியது. மற்ற நான்கும் அடியில் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. பொங்கல் மாதத்தில் பச்சரிசி எவ்வளவு ஏறியது, ஆடியில் கல்யாணம் இல்லாததால் சீரக சம்பா எவ்வளவு இறங்கியது என்று எதையும் அதில் கண்டுபிடிக்க முடியவில்லை.

“தம்பி, எனக்கு ஒண்ணொண்ணா பாத்தாப் போதும். பேரைத் தொட்டா அந்த அரிசியோட கோடு மட்டும் வரணும்” என்றார்.

அண்ணாச்சி கேட்டதை எக்செலில் மேக்ரோ எதுவும் எழுதாமலே செய்யலாம். ஒரு டிராப்டவுன், இரண்டு ஃபார்முலா, ஒரு சார்ட் இருந்தால் போதும். ஆனால் இது எப்படி வேலை செய்கிறது என்பதில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. டிராப்டவுனில் பெயரை மாற்றினால் சார்ட் வேறு வரிசைக்குத் தாவுகிறது என்று நினைக்கிறார்கள். சார்ட் எங்கும் தாவுவதில்லை. அது எப்போதும் ஒரே ஒரு வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த வரிசைக்குள் இருக்கும் எண்கள்தான் மாறுகின்றன. டிராப்டவுன் என்று ஒன்று இருப்பதே சார்ட்டுக்குத் தெரியாது. இதைப் பிடித்துக்கொண்டால், பிறகு எங்கே கோளாறு வந்தாலும் எந்த இடத்தில் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அண்ணாச்சியின் தாளில் `A2` முதல் `A6` வரை பொன்னி, இட்லி அரிசி, சீரக சம்பா, பச்சரிசி, பாஸ்மதி என்ற வரிசையில் பெயர்கள். `B1` முதல் `M1` வரை மாதங்கள். எட்டாவது வரிசையைச் சார்ட்டுக்கென்று ஒதுக்கினேன். `A8` கட்டத்தில் நின்றுகொண்டு Data மெனுவில் Data Validation போய், Allow என்ற இடத்தில் List என்று கொடுத்து, Source என்ற இடத்தில் `=$A$2:$A$6` என்று இட்டால் டிராப்டவுன் தயார். ஐந்து பெயர்களையும் Source பெட்டியில் கையால் அடிக்கவும் இடமுண்டு. அப்படிச் செய்யாதீர்கள். அட்டவணையில் ‘சீரக சம்பா’ என்றும் பெட்டியில் ‘சீரகச் சம்பா’ என்றும் இருந்துவிட்டால், ஒரு எழுத்து வித்தியாசத்துக்கே `#N/A` வந்து நிற்கும்.

அடுத்தது தேடல். தேர்ந்தெடுத்த பெயர் பட்டியலில் எத்தனையாவது என்று ஒரு ஃபார்முலா கண்டுபிடிக்கும். அந்த இடத்தில் உள்ள எண்ணை இன்னொன்று எடுத்து வரும். முதலாவதை `A9` கட்டத்திலும் இரண்டாவதை `B8` கட்டத்திலும் எழுதினேன்.

```
A9:  =MATCH(A8,A2:A6,0)
B8:  =INDEX(B$2:B$6,$A$9)
```

`B8` கட்டத்தை `M8` வரை இழுத்துவிட்டால் பன்னிரண்டு மாதமும் நிரம்பும். பச்சரிசியைத் தேர்ந்தெடுத்தால் `A9` கட்டத்தில் 4 என்று வரும். ஒவ்வொரு மாதத்திலும் நான்காவது எண்ணை `INDEX` எடுத்துக்கொண்டு வரும். டாலர் குறிகளில் கவனம் வேண்டும். `$A$9` என்று இரண்டு பக்கமும் பூட்டாமல் விட்டால், இழுக்கும்போது அது `B9`, `C9` என்று நகர்ந்துவிடும். `B$2:B$6` என்பதில் எழுத்துக்கு முன்னால் டாலர் கூடாது, ஏனென்றால் மாதத்துக்கு மாதம் அது நகரத்தான் வேண்டும்.

இதே வேலையை `VLOOKUP` கொண்டும் செய்யலாம். புதிய எக்செல் இருந்தால் `XLOOKUP` ஒரே ஃபார்முலாவில் பன்னிரண்டு மாதத்தையும் கொண்டுவரும். ஆனால் அது எக்செல் 2021, மைக்ரோசாஃப்ட் 365 முதலிய பதிப்புகளில்தான் உண்டு. கடைக் கணினியில் இருப்பது பழைய எக்செல் என்பதால் நான் எங்கும் ஓடக்கூடியதையே எடுத்துக்கொண்டேன்.

பிறகு `A1:M1` வரிசையைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே `A8:M8` வரிசையையும் சேர்த்து, Insert மெனுவில் ஒரு கோட்டுச் சார்ட். வந்த கோட்டின் மீது ஒருமுறை கிளிக் செய்துவிட்டு மேலே ஃபார்முலா பட்டையைப் பாருங்கள்:

```
=SERIES(Sheet1!$A$8,Sheet1!$B$1:$M$1,Sheet1!$B$8:$M$8,1)
```

பெயர் `A8` கட்டத்திலிருந்து, மாதங்கள் முதல் வரிசையிலிருந்து, எண்கள் எட்டாவது வரிசையிலிருந்து. சார்ட்டுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். அண்ணாச்சிக்கு இதைக் காட்டியதும், “அப்ப இது ஒரு தராசுத் தட்டு மாதிரி. நாம எதை வைக்கிறோமோ அதைக் காட்டும்” என்றார். அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்ல வராது.

முதல் நாள் நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். `MATCH` ஃபார்முலாவில் கடைசியில் வரும் அந்த 0 எனக்கு விட்டுப்போயிருந்தது. எக்செல் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. சீரக சம்பா, பச்சரிசி, பாஸ்மதி மூன்றையும் போட்டுப் பார்த்தேன், மூன்றும் சரியாக வந்தன. முடிந்தது என்று எழுந்துகொண்டேன். அண்ணாச்சி பொன்னியைத் தொட்டார். கோடு வந்தது. ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, பொன்னி மாசத்துக்கு நாலு சிப்பமா? நாலு சிப்பம் வித்தா நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்” என்றார். அங்கே வந்திருந்தது பாஸ்மதியின் கோடு.

அந்த 0 இல்லையென்றால், பட்டியல் அகர வரிசையில் இருப்பதாக எக்செல் எடுத்துக்கொள்கிறது. அகராதியை நடுவில் பிரிப்பது போல நேராக நடுப்பெயருக்குப் போகிறது. நடுவில் இருப்பது சீரக சம்பா. ‘பொ’ என்பது ‘சீ’க்குப் பிறகு வருவதால், தேடும் பெயர் கீழ்ப் பாதியில்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, மேலே முதலாவதாக இருக்கும் பொன்னியைப் பார்க்காமலே விட்டுவிடுகிறது. கீழே பச்சரிசியும் பாஸ்மதியும் அகர வரிசைப்படி பொன்னிக்கு முந்தியவை. ஆகவே கடைசியில் இருந்த பாஸ்மதியை, ‘பொன்னியைத் தாண்டாத கடைசிப் பெயர்’ என்று கொடுத்துவிடுகிறது. மற்ற மூன்றும் சரியாக வந்தது, அவை இருந்த இடம் தற்செயலாக ஒத்துப்போனதால். `VLOOKUP` பயன்படுத்துவோருக்கும் இதே பள்ளம் உண்டு. அங்கே கடைசியில் `FALSE` போடாவிட்டால் இதேதான் நடக்கும்.

`#N/A` என்று வந்திருந்தால் யாரும் உடனே கவனித்துவிடுவார்கள். இங்கே வந்தது ஒழுங்கான ஒரு கோடு, மேலே பொன்னி என்ற தலைப்பு. விற்பனை தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லையென்றால் அது அப்படியே போயிருக்கும். அதிலிருந்து இப்படி எதைச் செய்தாலும் டிராப்டவுனில் உள்ள எல்லாப் பெயரையும் ஒருமுறை போட்டு, எட்டாவது வரிசையின் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மேலே அட்டவணையோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். ஐந்து பெயருக்கு இரண்டு நிமிட வேலை.

ஜூலை தொடக்கத்தில் அண்ணாச்சி மறுபடி கூப்பிட்டார். புது ஆண்டுக்குத் தாளை நகல் எடுத்து ஏப்ரல், மே, ஜூன் எண்களை நிரப்பியிருக்கிறார். எந்த அரிசியைத் தொட்டாலும் மூன்று மாதம் ஓடிய கோடு ஜூலையில் தரையில் விழுந்து மார்ச் வரை படுத்தே கிடக்கிறது. காரணம், காலிக் கட்டத்தை எடுத்து வரச் சொன்னால் `INDEX` காலியைக் கொண்டுவருவதில்லை, பூஜ்யத்தைக் கொண்டுவருகிறது. இன்னும் வராத மாதமும் ஒரு சிப்பம்கூடப் போகாத மாதமும் சார்ட்டில் ஒன்றாகிவிடுகின்றன. கோட்டுச் சார்ட் `#N/A` உள்ள கட்டத்துக்குப் புள்ளி வைக்காது என்பதால், காலியாக இருந்தால் வேண்டுமென்றே அதையே போடச் சொல்லலாம்:

```
=IF(INDEX(B$2:B$6,$A$9)="",NA(),INDEX(B$2:B$6,$A$9))
```

கோடு ஜூனோடு நின்றுவிட்டது. எட்டாவது வரிசையில் `#N/A` என்று ஒன்பது கட்டங்கள் தெரிவது கண்ணுக்கு நன்றாக இல்லை. எழுத்தை வெள்ளையாக்கி மறைத்துவிட்டோம். ஆனால் அந்த வரிசையை இனி நேராகக் கூட்ட முடியாது, மொத்தமும் `#N/A` ஆகிவிடும். கூட்டலை மேல் அட்டவணையிலிருந்தே எடுக்க வேண்டும்.

அந்தக் கூட்டல் எனக்கு வேறொரு காரணத்துக்காகத் தேவைப்பட்டது. பெயரை மாற்றும்போதெல்லாம் எக்செல் இடது பக்க அளவுகோலையும் தானே மாற்றிக்கொள்கிறது. பொன்னிக்கு எண்பது வரை போகும் அளவு, பாஸ்மதிக்கு ஆறோடு முடிகிறது. இரண்டு கோடும் திரையில் ஏறக்குறைய ஒரே உயரம். மாறி மாறித் தொட்டுப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே அளவு விற்பது போன்ற மயக்கம் வரும். Format Axis போய் Maximum அளவை எண்பதில் நிறுத்தலாம். ஆனால் பாஸ்மதி மறுபடி தரையோடு ஒட்டிக்கொள்ளும், நாம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுவோம். அதனால் மேல் அளவை விட்டுவிட்டு Minimum அளவை மட்டும் 0 என்று நிறுத்தினேன். மொத்தத்தைத் தலைப்பிலேயே சொல்லிவிடும்படி `A10` கட்டத்தில் இதை எழுதினேன்:

```
=A8&" – மொத்தம் "&SUM(INDEX(B2:M6,A9,0))&" சிப்பம்"
```

இங்கே `INDEX` ஃபார்முலாவின் கடைசியில் வரும் 0, அந்த வரிசையின் எல்லா மாதத்தையும் எடு என்று பொருள்படும். `MATCH` ஃபார்முலாவின் 0 வேறு, இது வேறு. சார்ட்டின் தலைப்பைக் கிளிக் செய்து, ஃபார்முலா பட்டையில் `=` என்று அடித்து, `A10` கட்டத்தைத் தொட்டு என்டர் தட்டினால் தலைப்பு அந்தக் கட்டத்தோடு கட்டுப்பட்டுவிடும். இப்போது பாஸ்மதியைத் தொட்டால் கோடு எவ்வளவு உயரமாக வந்தாலும், ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சிப்பம் என்பது அதன் தலையிலேயே நிற்கிறது.

போன வாரம் டிராப்டவுன் அம்பு காணாமல் போயிருந்தது. மகன் வேறொரு கட்டத்திலிருந்து பெயரை நகலெடுத்து `A8` கட்டத்தில் ஒட்டியிருக்கிறான். அப்படி ஒட்டினால் Data Validation அழிந்துவிடும். திரும்ப வைத்துக் கொடுத்துவிட்டு, பெயரைப் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று பக்கத்துக் கட்டத்தில் சிவப்பில் எழுதிவைத்தோம்.

நான் கிளம்பும்போது அண்ணாச்சி போன ஆண்டுத் தாளைத் திறந்து பச்சரிசியைத் தொட்டார். டிசம்பர் வரை தாழ்வாக ஓடிய கோடு ஜனவரியில் செங்குத்தாக ஏறி இறங்கியது. விரலை அந்த முனையில் வைத்துக்கொண்டு, “இந்தத் தடவை கார்த்திகையிலேயே சொல்லிவச்சிருங்க, மில்லுக்காரர் கடைசி நேரத்துல இல்லைன்னுடுவார்” என்று உள்ளே பார்த்து மகனுக்குக் குரல் கொடுத்தார்.