நிறுத்திவைத்த செட்டில்மென்ட்: கேட்வேக்கு என்ன எழுதுவது?

இணையத்தில் பொருள் விற்பவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. வாடிக்கையாளர் கார்டிலோ யுபிஐயிலோ பணம் கட்டிவிட்டார், பொருளும் கூரியரில் போய்விட்டது. வழக்கமாக இரண்டு மூன்று வேலை நாளில் கமிஷன் போக வங்கிக் கணக்கில் விழும் தொகை மட்டும் வரவில்லை. டாஷ்போர்டில் On hold என்றோ Under review என்றோ ஒரு வரி. காரணமும் இல்லை, தேதியும் இல்லை.

கோபத்தில் எழுதுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். செட்டில்மென்ட் Processed என்று காட்டி, அதன் பக்கத்தில் யூடிஆர் எண்ணும் இருந்தால் பணம் கேட்வேயை விட்டுக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அப்போது அந்த எண்ணோடு போக வேண்டியது நம் வங்கிக்கு. யூடிஆர் இல்லாமல் நிறுத்தம் என்று மட்டும் இருந்தால்தான் கேட்வேக்குக் கடிதம்.

நாம் பொதுவாக கேட்வே என்று சொன்னாலும், வாடிக்கையாளரின் பணத்தை வாங்கி வைத்திருந்து நமக்குத் தருகிற நிறுவனத்தை ரிசர்வ் வங்கி ‘பேமென்ட் அக்ரிகேட்டர்’ என்று தனியாகப் பிரித்திருக்கிறது. அதன் விதிகளின்படி, அந்தப் பணம் ஒரு வணிக வங்கியில் எஸ்க்ரோ கணக்கில் இருக்க வேண்டும். நிறுவனம் அதைத் தன் சொந்தச் செலவுக்கு எடுக்க முடியாது. ரெடிமேட் ஆன்லைன் கடை சேவை வழியாக விற்பவர்கள், பணத்தை உண்மையில் வைத்திருப்பது யார் என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டு அந்த நிறுவனத்துக்கு எழுதுவது நல்லது.

சரி, ஏன் நிறுத்துகிறார்கள்? பெரும்பாலும் பயத்தால். கார்டில் கட்டியவர் ‘பொருள் வரவில்லை’ என்று வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க மாதக் கணக்கில் அவகாசம் உண்டு. இதுதான் சார்ஜ்பேக். அதற்குள் கடைக்காரர் காணாமல் போய்விட்டால் நஷ்டம் அக்ரிகேட்டர் தலையில் விழும். அதனால் விற்பனை திடீரென்று எகிறினாலும், பதிவு செய்த தொழிலும் இணையதளத்தில் விற்பதும் பொருந்தாவிட்டாலும், பான் கார்டில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் வேறாக இருந்தாலும் அவர்களுடைய ரிஸ்க் பிரிவு கையை வைத்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சென்னிமலையில் போர்வை விற்கும் ஒரு சிறு கடை என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு எட்டாயிரம் ரூபாய் வியாபாரம். தீபாவளிக்கு முன் ஒரு இன்ஸ்டாகிராம் வீடியோ பரவி, மூன்று நாளில் 200 ஆர்டர். ஒன்று 1,400 ரூபாய் வீதம் 2,80,000. கட்டணம் இரண்டு சதவீதம் என்றால் 5,600, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,008. மூன்று பேருக்கு ரீஃபண்ட் 4,200. வர வேண்டியது 2,69,192 ரூபாய். அது அப்படியே நிற்கிறது. நெசவாளருக்கும் கூரியருக்கும் பாக்கி.

இந்த இடத்தில் பலர் ‘என் பணத்தை உடனே கொடுங்கள்’ என்று எழுதுகிறார்கள். அதற்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற தயார் பதில்தான் வரும். பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வியாக எழுதினால் நிலைமை வேறு. கடைக்காரர் பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்தே அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும் உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

“எங்கள் மெர்ச்சன்ட் ஐடி இது. இந்த செட்டில்மென்ட் ஐடியில் ரூ.2,69,192 நிறுத்தப்பட்டுள்ளது. இந்த மூன்று நாள் விற்பனை வழக்கத்தைவிட அதிகம் என்பது எங்களுக்கும் தெரியும். பண்டிகைக்கு முன் வெளியிட்ட வீடியோவால் வந்த ஆர்டர்கள் இவை; அதன் இணைப்பும் எங்கள் கொள்முதல் பில்களும் இத்துடன் உள்ளன. 200 ஆர்டரில் 150 வாடிக்கையாளர் கைக்குச் சேர்ந்துவிட்டன, 47 கூரியரில் உள்ளன, மூன்றுக்குப் பணம் திருப்பப்பட்டது. ஆர்டர் எண், டிராக்கிங் எண், சேர்ந்த தேதி அடங்கிய பட்டியலை இணைத்துள்ளோம்.

தயவுசெய்து தெரிவிக்கவும்: நிறுத்தம் ஆவணக் குறையாலா, குறிப்பிட்ட பரிவர்த்தனைகளாலா, வெளி அமைப்பின் உத்தரவாலா? ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின் கீழ்? இன்னும் என்ன ஆவணம் தேவை? எல்லாம் கிடைத்தபின் எந்தத் தேதிக்குள் முடிவு செய்வீர்கள்? முழுத் தொகையையும் இப்போது விடுவிக்க இயலாதென்றால், பொருள் சேர்ந்துவிட்ட 150 ஆர்டருக்குரிய ரூ.2,05,044-ஐ முதலில் விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

கடைசி வரிதான் இந்தக் கடிதத்தின் உயிர் என்பேன். 2,10,000 ரூபாய் விற்பனையில் கட்டணமும் வரியும் 4,956 போக மிச்சம் அது. ‘பொருள் வரவில்லை’ என்ற புகார் எழ வழியில்லாத பகுதியைத் தனியாகப் பிரித்துக் காட்டும்போது, ரிஸ்க் பிரிவில் இருப்பவருக்கு ‘ஆம்’ என்று சொல்ல ஒரு வழி கிடைக்கிறது. முழுத் தொகைக்கு ஒரே பதில் கேட்டால் அவருக்குப் பாதுகாப்பான பதில் ‘இல்லை’ என்பதுதான்.

தேதி கேட்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘எப்போது விடுவிப்பீர்கள்?’ என்றால் யாரும் வாக்குக் கொடுக்க மாட்டார்கள், முடிவு இன்னும் எடுக்கப்படவில்லையே. ‘எப்போது முடிவு செய்வீர்கள்?’ என்றால் ஒரு தேதியைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தத் தேதி தாண்டினால் அதே டிக்கெட்டில் பதிலாக எழுத வேண்டும். தினம் ஒரு புதுப் புகார் பதிந்தால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளிடம் போய், முதலில் அனுப்பிய பட்டியலை யாருமே பார்க்காமல் போகலாம். சாதாரண உதவிக் குழு நகரவில்லை என்றால் அடுத்த படி நோடல் அதிகாரி. புகார்களுக்கென ஒரு நோடல் அதிகாரியை நியமித்து, அவர் விவரத்தை இணையதளத்தில் போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.

அந்த விவரத்தை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். ‘கஸ்டமர் கேர்’ என்று கூகுளில் தேடி, போலி எண்ணில் பேசி, திரையைப் பகிரும் ஆப்பை இறக்கி, இருந்த பணத்தையும் விட்டவர்கள் உண்டு. நிறுத்திய தொகையை விடுவிக்க ஓடிபி எதுவும் தேவையில்லை.

கடிதம் போனபின் கடைக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டியது வாடிக்கையாளர்களை. கேட்வேயில் பணம் நிற்கும்போது ரீஃபண்டும் சில நேரம் நின்றுவிடும். ரீஃபண்ட் கேட்டவர் காத்துச் சலித்து வங்கியிடம் போனால் அதுவே ஒரு சார்ஜ்பேக்காகி, நிறுத்தம் இன்னும் நீளும். அதனால் அவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுவதும், கேட்வேயிடம் ரீஃபண்டை மட்டுமாவது திறந்துவிடச் சொல்வதும் உதவும்.

சில சமயம் கேட்வே காரணம் சொல்லாமலே இருக்கும். பணமோசடித் தடுப்பு விதிகளின்படி சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை போயிருந்தால், அதைச் சம்பந்தப்பட்டவரிடம் சொல்லவே கூடாது. நேரடிக் காரணத்தைத் துருவுவதைவிட எந்த ஒப்பந்தப் பிரிவு, எந்த ஆவணம் என்று கேட்பதில் பயன் அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘வெளி அமைப்பின் உத்தரவு’ என்று பதில் வந்தால் கதை வேறு. யாரோ ஏமாற்றப்பட்டு 1930 என்ற சைபர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருப்பார். அவரிடமிருந்து திருடிய பணத்தில் யாரோ நம் கடையில் போர்வை வாங்கியிருப்பார். இப்போது கேட்வேயிடம் கேட்க வேண்டியவை மூன்று: புகாரின் ஒப்புகை எண், எந்த ஊர் காவல் நிலையம், எவ்வளவு தொகைக்கு உத்தரவு. 1,400 ரூபாய்க்கு வந்த உத்தரவுக்காக இரண்டரை லட்சத்துக்கு மேல் நிற்கிறதென்றால், மிச்சத்தை விடுவிக்கக் கேட்கலாம். அந்த 1,400-க்கான பில்லையும் டிராக்கிங் விவரத்தையும் வைத்து எழுத வேண்டிய அடுத்த கடிதம் அந்தக் காவல் நிலையத்தின் விசாரணை அதிகாரிக்கு.