மரத்தின் விட்டத்தை இரண்டே தேடலில் அளக்கலாம்

ஏழு மணிகளை ஆறு கயிற்றுத் துண்டுகளால் கட்டுங்கள். எல்லாத் துண்டும் ஒரே நீளம். 1-2, 2-3, 3-4, 3-5, 5-6, 6-7 என்று முடிச்சுப் போடுங்கள். எந்த மணியிலிருந்தும் இன்னொன்றுக்குப் போக ஒரே வழிதான் இருக்கும். கணினி இயலில் இதற்கு மரம் என்று பெயர். இதில் மிக அதிகத் தொலைவில் உள்ள இரு மணிகளுக்கு இடைப்பட்ட தூரம்தான் மரத்தின் விட்டம்.

ஒவ்வொரு ஜோடியையும் அளந்து பார்க்கலாம். ஆனால் லட்சம் மணிகள் இருந்தால் ஜோடிகள் 500 கோடியை நெருங்கும். அவ்வளவு பாடு வேண்டாம். 4-ஆம் மணியைப் பிடித்துத் தூக்குங்கள். ஒரு துண்டு கீழே 3, அதற்கும் கீழே 2-ம் 5-ம், பிறகு 1-ம் 6-ம், நான்காம் படியில் 7. இப்படிப் படிப்படியாக இறங்கி எண்ணுவதுதான் அகலவாரித் தேடல். கடைசியில் தொங்கிய 7-ஐப் பிடித்து மறுபடி தூக்குங்கள். இப்போது எல்லாவற்றுக்கும் கீழே 1 நிற்கிறது, ஐந்து துண்டு தொலைவில். விட்டம் 5. டச்சு நாட்டுக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ராவின் யோசனை என்று இதைச் சொல்வார்கள்.

எங்கே தொடங்கினாலும் விடை எப்படிச் சரியாக வருகிறது? உண்மையான நீண்ட பாதையின் இரு முனைகள் அ, ஆ என்று வைத்துக்கொள்வோம். தொடங்கிய இடத்திலிருந்து நடந்தால் அந்தப் பாதையை முதலில் தொடும் இடம் சந்தி. முதல் தேடலில் கிடைத்த கடைசி மணிக்குச் சந்தி வழியாகவே போகிறோம் என்றால், சந்தியிலிருந்து அந்த மணி அ, ஆ இரண்டையும்விடக் கிட்டத்தில் இருக்க முடியாது; இருந்தால் முதல் தேடல் அ-வையோ ஆ-வையோ அல்லவா எடுத்திருக்கும்! சந்திக்கு முன்பே வழி பிரிந்திருந்தால், சந்தியிலிருந்து அந்த மணி இன்னும் தொலைவு. அது அ, ஆ இரண்டு திசையிலும் ஒருசேர இருக்க முடியாது. அ-வின் திசையில் இல்லை என்று கொள்வோம். அப்படியானால் அ-விலிருந்து சந்தி வரை வந்து, ஆ-வுக்குப் பதில் இந்த மணிக்குத் திரும்பினாலும் நீளம் குறையாது. ஆகவே இந்த மணியும் நீண்ட பாதை ஒன்றின் முனைதான். இரண்டாம் தேடல் மறுமுனையைக் காட்டிவிடும்.

இந்த வாதம் முழுக்க ‘ஒரே வழி’ என்பதை நம்பியே நிற்கிறது. நான்கு மணிகளைச் சதுரமாகக் கட்டி, எதிரெதிர் மூலைகள் இரண்டில் ஆளுக்கொரு மணியைத் தொங்கவிடுங்கள். வால் இல்லாத மூலையிலிருந்து தேடினால் எதிர்மூலையும் இரு வால்மணிகளும் சமமாக இரண்டு துண்டு தொலைவில் இருக்கும். எதிர்மூலையை எடுத்துக்கொண்டு மறுபடி தேடினால் விடை 2 என்று வரும். வால்மணிகளுக்கு இடையிலான உண்மைத் தூரமோ 4. எனவே தேடலைத் தொடங்குமுன் கையில் இருப்பது மரம்தானா என்று பாருங்கள்: எல்லாப் புள்ளிகளும் இணைந்திருக்க வேண்டும், இணைப்புகள் புள்ளிகளைவிடச் சரியாக ஒன்று குறைவாக இருக்க வேண்டும்.