குளவிக்கூட்டைக் கலைக்கலாமா?

ஏழாம் வகுப்பு மாணவி கயல்விழி போபால் நகரில் ஓர் அரசுக் குடியிருப்பில் பெற்றோருடன் வசிக்கிறாள். ஆவணி மாதத்தில் கும்பகோணத்திலிருந்து அவளுடைய பாட்டி வந்திருந்தார். விருந்தினர் அறையைத் தூய்மை செய்தபோது மூன்று இடங்களில் மண்கூடுகள் இருப்பதைக் கயல்விழி கண்டாள். ஒன்று சன்னல் சட்டத்தின் மேல் மூலையில் இருந்தது. மற்றொன்று புத்தக அலமாரியின் உட்புறத்தில் இருந்தது. மூன்றாவது கூடு, மின்விசிறியின் தண்டு கூரையைத் தொடும் இடத்தில் உள்ள கிண்ணம் போன்ற மூடியினுள் அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்தது.

அப்பா கூடுகளைச் சுரண்டி எடுக்க முனைந்தார். பாட்டி அவரைத் தடுத்தார். “கலைக்காதே அப்பா! குளவி கூடு கட்டிய வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார்கள். உன் தங்கைக்கு இது எட்டாவது மாதம் அல்லவா?” என்றார். அப்பா கையை இழுத்துக்கொண்டார். ஆனால், மின்விசிறியை அப்படியே விடவும் அவருக்கு மனமில்லை.

எந்தக் கூட்டைக் கலைக்கலாம், எதை விடலாம் என்பதை முடிவு செய்ய, கூட்டினுள் நடப்பதை முதலில் அறிய வேண்டும்.

இக்கூடுகளைக் கட்டுவது மண்குளவி. கருநிற உடலும் மஞ்சள் நிறக் கால்களும் நூல் போன்ற நீண்ட இடையும் உடையது. இந்தியா முழுவதும் காணப்படும் ஒருவகை மண்குளவிக்கு 1781ஆம் ஆண்டில் ஃபெப்ரீசியஸ் என்னும் அறிஞர் அறிவியல் பெயர் சூட்டினார். ‘மதராஸ்பட்டானம்’ என்பது அப்பெயரின் ஒரு பகுதி. இன்று சென்னை எனப்படும் மதராசுப்பட்டினத்தின் பெயரே அது. ஆகவே, போபால் வீட்டின் சன்னலில் கூடு கட்டினாலும் அக்குளவி ஒரு தமிழ்நாட்டு ஊரின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

பெண்குளவி தனியாகவே கூடு கட்டுகிறது. கசியும் குழாயடி, நீர் ஊற்றிய பூந்தொட்டி போன்ற ஈரமான இடங்களில் மண்ணை உருண்டையாகத் திரட்டி வாயில் கவ்வி வருகிறது. மண்ணைப் பூசும்போது அதன் உடல் அதிர்வதால் ‘ஙொய்’ என்ற ஒலி கேட்கிறது. அவ்வதிர்வு மண்ணை இளக்கி ஒட்டச் செய்கிறது. ஓர் அறையைக் கட்டி முடிக்க அது பலமுறை பறந்து சென்று வர வேண்டும்.

அறை முடிந்ததும் குளவி வேட்டைக்குப் புறப்படுகிறது. சிலந்திகளைப் பிடித்துக் கொட்டுகிறது. கொட்டப்பட்ட சிலந்தி இறப்பதில்லை. அசையும் ஆற்றலை மட்டும் இழக்கிறது. உயிருடன் இருப்பதால் அது விரைவில் அழுகுவதும் இல்லை. இவ்வாறு பல சிலந்திகளை அறையில் அடுக்கி, அவற்றுள் ஒன்றின்மேல் ஒரு முட்டையிட்டு, வாயிலை மண்ணால் அடைத்துவிடுகிறது. பின்னர் அதன் அருகிலேயே அடுத்த அறையைக் கட்டத் தொடங்குகிறது. இறுதியில் எல்லா அறைகளின்மேலும் மண்ணைப் பூசி மெழுகிவிட்டுச் சென்றுவிடுகிறது. அதன் பிறகு அது கூட்டைக் காவல் காப்பதில்லை.

முட்டையிலிருந்து வரும் புழு சிலந்திகளைத் தின்று வளர்கிறது. பின்பு தன்னைச் சுற்றி மெல்லிய உறை பின்னி, அதனுள் கூட்டுப்புழுவாகிறது. வெப்பமான காலத்தில் மூன்று, நான்கு வாரங்களில் முழுவளர்ச்சி பெற்ற குளவி மண்சுவரைக் கடித்துத் துளையிட்டு வெளியேறுகிறது. குளிர்காலம் குறுக்கிட்டால் இன்னும் பல வாரங்கள் ஆகும்.

குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைத் தன்னைப் போலாக்குகிறது என்று நம் முன்னோர் கூறினர். பச்சைப் புழுக்களைக் கொண்டுவந்து அடைக்கும் குளவி வகைகளும் உண்டு. புழு உள்ளே போவதையும் சில வாரங்களில் குளவி வெளியே வருவதையும் கண்டவர்களுக்கு அவ்வாறு தோன்றியதில் வியப்பில்லை. உண்மையில் உள்ளே சென்ற புழு உணவாகிறது. வெளியே வருவது முட்டையிலிருந்து பிறந்த குளவி. குழந்தை பிறக்கும் என்னும் பாட்டியின் நம்பிக்கையிலும் ஓர் உண்மை இருக்கிறது. அக்கூட்டில் குளவியின் குஞ்சுகள் வளர்கின்றன.

இனி மூன்று கூடுகளையும் காண்போம்.

அலமாரியில் இருந்த கூடு வெளிறிக் காய்ந்திருந்தது. அதில் பென்சில் நுழையும் அளவில் வட்டத் துளைகள் நான்கு இருந்தன. துளை இருந்தால் அந்த அறையின் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். இக்கூட்டில் துளையில்லாத பகுதி இல்லை. ஆகவே அப்பா அதைத் தகட்டால் பெயர்த்து எடுத்தார். உள்ளே காய்ந்த உறைகளும் சிலந்திக் கால்களும் மட்டுமே கிடந்தன.

மின்விசிறியில் இருந்த மண் கருநிறமாக, ஈரத்துடன் இருந்தது. ஒரே ஓர் அறை பாதியளவே எழும்பியிருந்தது, வாயில் திறந்திருந்தது, உள்ளே சிலந்தி இல்லை. எனவே முட்டையும் இல்லை. மின்கம்பிகள் இணையும் இடத்தில் ஈரமண் சேர்வது தீங்கானது. விசிறி சுழலும்போது மண்கட்டி கீழே விழவும் கூடும். அப்பா வீட்டின் மின்னிணைப்பை முழுவதும் நிறுத்தினார். ஏணியில் ஏறி, அந்த மண்ணைச் சுரண்டி எடுத்தார். ஈரம் உலர்ந்த பிறகு மூடியை இடைவெளியின்றி மேலே தள்ளி இறுக்கினார். “கட்டத் தொடங்கும்போதே தடுத்தால் குளவி வேறிடம் தேடிக்கொள்ளும். ஓர் உயிரும் போகாது, அம்மா” என்று பாட்டியிடம் கூறினார். பாட்டியும் தலையசைத்தார்.

சன்னல் கூடு அடைக்கப்பட்டிருந்தது. ஒரு துளையும் இல்லை. அதைப் பெயர்த்து வெளியே வைக்கலாமா என்று கயல்விழி கேட்டாள். சட்டத்தை ஒட்டிய பக்கத்தில் மண் மெல்லியதாக இருக்கும். பெயர்த்தால் அறைகள் உடைந்து சிலந்தியும் புழுவும் விழுந்துவிடும். சன்னல் கதவை மூடுவதற்கு அக்கூடு தடையாகவும் இல்லை. ஆகவே அதை விட்டுவைப்பது என்று மூவரும் முடிவு செய்தனர். கயல்விழி நாட்காட்டியில் அந்நாளைக் குறித்து வைத்தாள்.

பத்தொன்பதாம் நாள் முதல் துளை தோன்றியது. அடுத்த பன்னிரண்டு நாள்களில் மேலும் மூன்று துளைகள் தோன்றின. அறைகள் வெவ்வேறு நாள்களில் கட்டப்பட்டதால் குளவிகளும் வெவ்வேறு நாள்களில் வெளியேறின. புதிய துளை எதுவும் தோன்றாமல் மேலும் சில வாரங்கள் கழிந்தபின், அம்மா கூட்டை நீரால் நனைத்துத் துடைத்தெடுத்தார். அதற்குள் ஊர் திரும்பியிருந்த பாட்டி தொலைபேசியில் அழைத்தார். அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. “நம் வீட்டுக் குளவிகளும் பறந்துவிட்டன, பாட்டி!” என்றாள் கயல்விழி.

மாணவர்கள் ஒன்றை மறக்கலாகாது. மண்குளவியைக் கையால் பிடித்தாலோ நசுக்கினாலோ அன்றி, அது பெரும்பாலும் கொட்டுவதில்லை. ஆனால், காகிதம் போன்ற கூட்டில் கூட்டமாக வாழும் குளவிகளும் கதண்டுகளும் தம் கூட்டைக் காக்கத் திரண்டு வந்து கொட்டும். அத்தகைய கூட்டைக் கண்டால் அருகில் செல்லாமல் பெரியவர்களிடம் தெரிவிக்க வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
இளக்கி – மென்மையாக்கி
வெளிறி – நிறம் மங்கி
கதண்டு – கடுமையாகக் கொட்டும் பெரிய குளவி வகை

பயிற்சி
1. குளவி சிலந்தியைக் கொல்லாமல் வைப்பதன் காரணம் யாது?
2. அலமாரிக் கூடு வெறுமையானது என்பதை அப்பா எவ்வாறு அறிந்தார்?
3. ஆறு அறைகள் உள்ள ஒரு கூட்டில் இரண்டு துளைகள் மட்டும் உள்ளன. அதை இன்று கலைக்கலாமா? காரணம் கூறி ஐந்து வரிகளில் எழுதுக.