கொசு ஏன் nfhR ஆகிறது?

ஒரு குடியிருப்பின் பராமரிப்பு அலுவலகத்துக்குக் கொசுத் தொல்லை பற்றிப் புகார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுத்தர் அதை வேர்டு கோப்பிலிருந்து நகலெடுத்து, டிக்கெட்டின் குறிப்புப் பெட்டியில் ஒட்டுகிறார். 'கொசு' இருந்த இடத்தில் `nfhR` என்று விழுகிறது. டிக்கெட் மென்பொருள் தமிழைக் கெடுத்துவிட்டது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அந்தக் கோப்பில் தமிழ் இருக்கவே இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுபவை. f என்ற எழுத்து 'க'வாகவும், R என்ற எழுத்து 'சு'வாகவும் தெரியும். குறிப்புப் பெட்டி எழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எழுத்துருவை விட்டுவிடுகிறது. போர்வை விலகியதும் உள்ளே இருந்தது தெரிகிறது. பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவியில் ஒருமுறை போட்டு எடுத்து ஒட்டினால் சரியாகிவிடும்.

யூனிகோடில் தட்டச்சு செய்ததும் உடைவதுண்டு. அப்போது அடையாளம் வேறு: `à®` என்று தொடங்கும் குப்பை வரிசையாக வரும். யூனிகோடைச் சேமிக்கும் UTF-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். 'கொசு' கண்ணுக்கு இரண்டு எழுத்து; உள்ளே நான்கு குறி, பன்னிரண்டு பைட். அந்தப் பைட்டுகளை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான Windows-1252 அட்டவணைப்படி ஒரு நிரல் படித்தால், மூன்று மூன்றாகச் சேர வேண்டியவை தனித்தனி எழுத்தாகச் சிதறும். டிக்கெட்டுகளை CSV கோப்பாக இறக்கி எக்செலில் நேரடியாகத் திறக்கும்போது இது அடிக்கடி நேர்கிறது. கோப்பு நன்றாகவே இருக்கும். எக்செலின் தரவு இறக்குமதி வழியாக UTF-8 என்று குறிப்பிட்டுத் திறந்தால் தமிழ் திரும்பிவிடும். திரையில் தெரியும் குப்பையை நகலெடுத்துத் திருத்த மட்டும் முயல வேண்டாம். மெய்யின் புள்ளிக்கும் உகரக் குறிக்கும் உரிய கடைசிப் பைட்டுகளுக்கு அந்த அட்டவணையில் எழுத்தே கிடையாது. நகலெடுக்கும்போது அவை உதிர்ந்துபோகலாம்.

உண்மையான இழப்பு `????` என்று வருவதுதான். தமிழுக்கு இடமே இல்லாத ஒரு பெட்டியில் உரை நுழைந்திருக்கிறது. அந்த அமைப்பு தனக்குத் தெரியாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டது. SQL Server தரவுத்தளத்தில் பத்தியின் வகை NVARCHAR ஆகவே இருந்தாலும், நிரலர் மேற்கோளுக்கு முன் N போடாமல் உரையை நேரடியாக எழுதினால் வழக்கமாக இப்படித்தான் ஆகும்:

```
VALUES ('கொசு')    -- ????
VALUES (N'கொசு')   -- கொசு
```

கேள்விக்குறியிலிருந்து எழுத்தை மீட்க எந்தக் கருவியாலும் முடியாது. புகார் தந்தவரைத்தான் மறுபடி கேட்க வேண்டும். அதனால் சந்தேகம் இருக்கும்வரை மூல உரையை அழிக்காதீர்கள்.

இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத உடைவு ஒன்றும் இருக்கிறது; எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது. குறிப்பில் 'கொசு' என்று தெளிவாகத் தெரியும், தேடினால் மட்டும் கிடைக்காது. காரணம், 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், எகரக் குறியையும் காலையும் அடுத்தடுத்து வைத்தும் உண்டாக்கலாம்:

```
0B95 0BCA 0B9A 0BC1
0B95 0BC6 0BBE 0B9A 0BC1
```

இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும், இரண்டும் சமம் என்றே யூனிகோடு தரமும் சொல்கிறது. ஆனால் பைட்டை மட்டும் ஒப்பிடும் தேடலுக்கு இவை வேறு வேறு சொற்கள். சில எழுத்துரு மாற்றிகளும், PDF கோப்பிலிருந்து நகலெடுத்த உரையும் இரண்டாவது வடிவத்தைத் தரக்கூடும். ஒரே தெருவின் பத்துப் புகார்களில் நான்கு தேடலில் வராவிட்டால், அங்கே தொல்லை குறைவு என்று மேலாளர் முடிவு செய்துவிடுவார். 'ஒளவை' என்று ஒகரத்தோடு 'ள' சேர்த்து அடிப்பவர்களாலும் இதே சிக்கல் வரும். அதை எந்தத் தரமும் சமமாக்காது. 'ஔ' என்ற ஒற்றை உயிரெழுத்தைத்தான் அடிக்க வேண்டும்.

ஒகரச் சிக்கலுக்கு மருந்து எளிது. உரையைச் சேமிக்கும் முன்பும், தேடும் சொல்லை அனுப்பும் முன்பும் NFC என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பைத்தானில் ஒரு வரி போதும்:

```
unicodedata.normalize("NFC", text)
```

இதைச் செய்ய வேண்டியவர் டிக்கெட் அமைப்பைப் பராமரிப்பவர். உங்கள் அலுவலகத்தில் தமிழ்க் குறிப்பு உடைந்தால் அவரிடம் 'தமிழ் வரவில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். வந்தது `nfhR` போன்ற ஆங்கில எழுத்தா, `à®` வரிசையா, கேள்விக்குறியா, அல்லது தெரிந்தும் தேடலில் அகப்படாததா என்பதை எழுதி, மூலக் கோப்பையும் உடன் அனுப்புங்கள்.