24 பேர் வேண்டுமென்றால் 32 பேரை எடுக்க வேண்டும்

சென்னையில் ஒரு மென்பொருள் ஸ்டார்ட்அப் என்று வைத்துக்கொள்வோம். தொடங்கி ஓராண்டு முடிந்துவிட்டது, வாடிக்கையாளர்கள் வேகமாகச் சேர்கிறார்கள். ஏப்ரலில் 40 பேர் இருக்கிறார்கள், அடுத்த மார்ச்சில் 64 பேர் வேண்டும். 24 பேரை எடுத்தால் போதும் என்று எழுதிக்கொண்டால் பட்ஜெட் முதல் வரியிலேயே தவறிவிடும்.

ஏனென்றால் இருப்பவர்களிலும் சிலர் போவார்கள். ஆண்டுச் சராசரி 52 பேர். அதில் 15 சதவீதம் பேர் விலகினால் 8 இடம் காலியாகும். ஆக, எடுக்க வேண்டியது 32 பேர். ஆஃபர் வாங்கியவர்களில் நாலில் ஒருவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார் என்று கொண்டால், 43 ஆஃபர் கொடுத்தால்தான் 32 பேர் வந்து சேர்வார்கள். ஆள் தேடும் செலவை இந்த 32 பேருக்குத்தான் போட வேண்டும்.

சராசரிச் சம்பளம் ஆண்டுக்கு 9 லட்சம் என்போம். கன்சல்டன்சி வழியாக வந்தால் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், கட்டணமாகக் கேட்பது வழக்கம். மூத்த பதவிகளுக்கு இது கூடும். ஒருவருக்கு 75,000 ரூபாய் வீதம் 12 பேருக்கு 9 லட்சம், ஜிஎஸ்டி தனி. ஊழியர்களே நண்பர்களைப் பரிந்துரைத்து 10 பேர் வந்தால், தலைக்கு 30,000 வெகுமதி கொடுத்தாலும் 3 லட்சம்தான். மீதி 10 பேருக்கு வேலைவாய்ப்புத் தளச் சந்தாவும் விளம்பரமுமாக 2 லட்சம். மொத்தம் 14 லட்சம்.

சம்பளத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை. புதிய 24 இடங்களும் ஏப்ரலிலேயே நிரம்பினால் ஆண்டுச் சம்பளம் 2.16 கோடி, மாதத்துக்கு இருவராகச் சேர்ந்தால் ஏறக்குறைய அதில் பாதி. அதனால் திட்டத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே சேரும் மாதத்தை எழுதியே ஆக வேண்டும். அந்த மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஐடி துறையில் நோட்டீஸ் காலம் பல இடங்களில் 90 நாள். தேர்வுக்கு ஒன்றரை மாதம். அக்டோபர் 1 அன்று ஆள் வேண்டுமென்றால் மே நடுவிலேயே தேடத் தொடங்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜனவரியில் சேரப்போகிறவர்களுக்கு ஆகஸ்ட் நடுவில் தேடல் தொடங்கும். செப்டம்பர் காலாண்டு வருமானம் தெரிவதோ அக்டோபரில். அதற்குள் ஆஃபர் கைமாறியிருக்கும். பழைய வேலையில் ராஜினாமாவும் கொடுத்திருப்பார்கள். அவர்களிடம் இடமில்லை என்று சொல்வது பெரிய அநியாயம். எனவே ஜனவரி இடங்களைத் திறப்பதா என்பதை, ஜூலை முடிய கையெழுத்தான ஆர்டர்களை மட்டும் வைத்து முடிவு செய்யுங்கள். பேச்சில் இருக்கும் ஆர்டர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை கையெழுத்தானால் அந்த இடங்களை ஏப்ரலுக்குத் திறக்கலாம்.