ஒரு கண்மாய், இரண்டு ஊர், ஆறு நாள் முறை

கண்மாய் மறுகால் போகும்வரை யாரும் முறை பேசுவதில்லை. மடை திறந்தே கிடக்கும். வேண்டியவர் வேண்டிய நேரத்தில் வாமடையை வெட்டிப் பாய்ச்சிக்கொள்வார்கள். மார்கழியில் மழை நின்று, பயிர் பொதி கட்டும் நேரத்தில் தண்ணீர் கீழே இறங்கும்போதுதான் யாருக்கு எத்தனை மணி நேரம் என்ற கேள்வி எழும். இப்படி நேரத்தைப் பங்கிட்டுப் பாய்ச்சுவதைத் தென்மாவட்டங்களில் முறைத்தண்ணீர் என்பார்கள்.

இரண்டு ஊருக்கு ஒரே கண்மாய் என்றால் இந்தப் பங்கீடு எங்கே சிக்கலாகிறது என்பதை ஒரு கற்பனைக் கதையால் விளக்கலாம். மடைக்கு அருகில் மேலக்குடி. அதற்கு 80 ஏக்கர். அதே கால்வாயின் கடைமடையில் கீழக்குடி. அதற்கு 120 ஏக்கர். ஒரு நாள் இந்த ஊருக்கு, மறுநாள் அந்த ஊருக்கு என்பது பழைய ஏற்பாடு. ஆண்டுதோறும் கீழக்குடியின் கடைசி வயல்கள் காய்ந்தன. ஆண்டுதோறும் வாய்க்கால் கரையில் சண்டை வந்தது.

இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிக்கு வெளியூரிலிருந்து ஓர் இளம் ஆசிரியை வந்தார். எந்த ஊரிலும் அவருக்கு நிலம் இல்லை என்பதே அவருக்கு இருந்த பெரிய வசதி. கூட்டத்தில் மேலக்குடிப் பெரியவர் ஒருவர், “நாளுக்கு நாள் சரிபாதிதானே டீச்சர், இதுல என்ன ஓரவஞ்சனை?” என்றார். “ஊருக்குச் சரிபாதிதான் ஐயா. ஏக்கருக்கு எவ்வளவுன்னு பார்த்தோமா?” என்றார் ஆசிரியை.

பார்ப்பதற்கு முதலில் அளக்க வேண்டியிருந்தது. இரு ஊரிலிருந்தும் இருவர் உடன் நிற்க, வாய்க்காலைக் கீழக்குடிப் பக்கம் திருப்பிய நேரமும், அங்கே முதல் வயலுக்குத் தண்ணீர் வந்த நேரமும் குறிக்கப்பட்டன. இடையில் 5 மணி நேரம் போயிருந்தது. காய்ந்த வாய்க்கால் முதலில் தான் குடித்துவிட்டுத்தான் தண்ணீரைக் கீழே விடும். “அடைச்ச பிறகும் வாய்க்கால்ல நிக்கிற தண்ணி அவங்களுக்குத்தானே போகுது” என்று மேலக்குடியார் மறுத்தார்கள். அது நியாயமான மறுப்பு. அதையும் அளந்தபோது, பயன்படும்படி ஓடியது 1 மணி நேரம்தான். ஆகவே ஒவ்வொரு முறையும் கீழக்குடிக்கு 4 மணி நேரம் நட்டம்.

பழைய ஏற்பாட்டின்படி 6 நாளில் மேலக்குடிக்குக் கிடைத்தது 72 மணி; ஏக்கருக்கு 54 நிமிடம். கீழக்குடிக்கு மூன்று முறை நட்டம் போக 60 மணி. ஏக்கருக்கு 30 நிமிடம். சண்டையின் வேர் இந்த 24 நிமிட வித்தியாசத்தில் இருந்தது.

புதிய முறையில் 6 நாள் ஒரு சுற்று ஆனது. மொத்தம் 144 மணி. ஒவ்வோர் ஊருக்கும் தொடர்ச்சியாக ஒரே முறை என்பதால் வாய்க்கால் ஒருதடவைதான் நனைகிறது. அந்த 4 மணி நேரத்தை இரு ஊரும் பொதுவில் ஏற்றால் மிச்சம் 140 மணி. 200 ஏக்கருக்குப் பங்கிட்டால் ஏக்கருக்கு 42 நிமிடம். மேலக்குடிக்கு 56 மணி, கீழக்குடிக்கு 84 மணியோடு வாய்க்கால் நனைய 4 மணி. முன்பு வாய்க்கால் மண் குடித்த நேரத்தில் 8 மணி நேரம் வயலுக்குத் திரும்பியது.

ஆனாலும் மேலக்குடிக்கு ஏக்கருக்கு 12 நிமிடம் குறைகிறது. கணக்கு சரி என்பதற்காக யாரும் இதை விட்டுக்கொடுப்பதில்லை. ஆசிரியை தண்ணீரோடு வேலையையும் சேர்த்துப் பேசினார். மடை பழுது பார்ப்பது, வரத்துக்கால் வெட்டுவது எல்லாம் அதுவரை பாதிக்குப் பாதி. இனி அதுவும் ஏக்கர் கணக்கில்தான்: ஐந்து ஆள் தேவை என்றால் மேலக்குடிக்கு இரண்டு, கீழக்குடிக்கு மூன்று. பேச்சு முடிந்தது இந்த இடத்தில்தான்.

மடையைத் திறந்து அடைக்கும் பொறுப்பு நீர்ப்பாய்ச்சியிடம் விடப்பட்டது. பல கண்மாய்களில் இந்த வேலை நிலமில்லாதவர்களிடமே இருந்து வந்திருக்கிறது. சொந்த வயல் இல்லாததால் யார் பக்கமும் சாயத் தேவையில்லை. கூலி அறுவடை நெல்லாக இரு ஊரும் தருவது. களவைக் கண்டுபிடிக்க வாய்க்கால் நடுவே கோடு கிழித்த ஒரு குச்சி போதும்: மடை திறப்பு மாறாமலிருக்க, கோட்டுக்குக் கீழே தண்ணீர் சட்டென்று இறங்கினால் மேலே எங்கோ வாமடை வெட்டப்பட்டிருக்கிறது.

ஒவ்வொரு சுற்றும் காலை 6 மணிக்கே தொடங்கினால் இரவுப் பாய்ச்சல் எப்போதும் அதே ஆட்கள் தலையில் விழும். அதனால் சுற்று முடிந்ததும் அரை நாள் மடையை அடைத்து வாய்க்காலைச் செதுக்கினார்கள். அடுத்த சுற்று மாலை 6 மணிக்குத் தொடங்கியது.

மணிக்கணக்கு சமமாக இருந்தாலும் தண்ணீர் சமமாக இருக்காது. மடைக்கண்ணுக்கு மேலே நிற்கும் நீரின் உயரம் கால்வாசியாகக் குறைந்தால், மடை வழியே வருவது ஏறக்குறைய பாதியாகிவிடும். கடைசியில் பாய்ச்சுபவருக்கு அதே 42 நிமிடத்தில் குறைந்த தண்ணீர்தான். எந்த ஊர் முதலில் என்பதைச் சுற்றுக்குச் சுற்று மாற்றியது இதற்காகவே. கண்மாயே நிறையாத ஆண்டில் எந்த முறையும் 200 ஏக்கரைக் காப்பாற்றாது. அப்போது நடவுக்கு முன்பே கூடி, இரு ஊரும் ஒரே விகிதத்தில் பரப்பைக் குறைத்துக்கொள்வது என்று தீர்மானித்து, அதையும் முறைச்சீட்டின் அடியில் எழுதிக் கையெழுத்திட்டார்கள்.