மூன்று கோடு எந்தப் பக்கம் பார்க்குது?

கண் முகாமில் ஒரு பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆறு மீட்டர் தள்ளி, கையில் வெள்ளை அட்டையோடு ஒரு பெண் நிற்கிறார். அட்டையில் கறுப்பாக ஒரே ஒரு ஆங்கில ஈ எழுத்து. பாட்டிக்கு அது எழுத்து என்றே தெரிய வேண்டியதில்லை. மூன்று கோடுகள் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

“பாட்டி, கோடு எந்தப் பக்கம் பார்க்குதுன்னு கையாலே காட்டுங்க. வாயாலே சொல்ல வேணாம்.”

வாயால் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. எதிரே நிற்பவருக்கு வலது, பாட்டிக்கு இடது. வார்த்தையில் கேட்டால் குழப்பம் வரும். கை காட்டுகிற திசையில் அந்தச் சிக்கல் இல்லை.

இந்த வடிவம் அளவெடுத்துச் செய்தது. உயரத்தையும் அகலத்தையும் ஐந்தைந்து சம பங்காகப் பிரித்தால் ஒரு கோடு ஒரு பங்கு, இடைவெளியும் ஒரு பங்கு. ஆறு மீட்டரில் நல்ல கண் படிக்கும் 6/6 எழுத்தின் உயரம் சுமார் 9 மில்லிமீட்டர். 6/60 எழுத்து அதைவிடப் பத்து மடங்கு பெரியது, ஏறக்குறைய 9 சென்டிமீட்டர். நல்ல கண் அதை 60 மீட்டரிலிருந்தே பார்த்துவிடும். அதை ஆறு மீட்டரில்தான் பார்க்க முடிகிறவரின் பார்வை 6/60.

கோடு நீட்டக்கூடிய திசைகள் நான்குதான். ஒன்றுமே தெரியாதவர்கூடக் குத்துமதிப்பாகக் கை காட்டினால் நான்கில் ஒரு முறை சரியாகிவிடும். அதனால்தான் ஒரு தடவை சரியாகச் சொன்னதை வைத்து முடிவெடுப்பதில்லை. அட்டையை முதுகுக்குப் பின்னால் சுழற்றிச் சுழற்றி ஐந்து தடவை காட்டுகிறார்கள்; நான்காவது சரியாக இருந்தால்தான் கணக்கு. வெறும் ஊகத்தில் அப்படி அமைவது 64 பேரில் ஒருவருக்குத்தான். சுவரில் தொங்கும் அட்டைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. வரிசையில் காத்திருக்கும்போதே அதை மனப்பாடம் செய்துவிடுபவர்கள் உண்டு!

நம் பாட்டியின் இடது கண்ணை அவருடைய உள்ளங்கையால் மூடுகிறார்கள். விரலால் மூடினால் இடுக்கு வழியே எட்டிப் பார்க்கலாம். வலது கண்ணுக்கு 6/60 அட்டையில் ஐந்தும் சரி. அடுத்து 6/18: மூன்றுதான் சரி, போதாது. இப்போது ஊசித்துளை போட்ட கறுப்புத் தகடு ஒன்றைக் கண்ணுக்கு முன் பிடித்து மறுபடி கேட்கிறார்கள். இந்த முறை நான்கு சரி. துளை வழியே பார்க்கும்போது தெளிவு கூடினால், கண்ணாடி போட்டால் தேறும் குறை என்று கொள்ளலாம். இடது கண்ணோ 6/60-ல் இரண்டுதான் சரியாகச் சொல்கிறது, துளை வைத்தும் மாற்றமில்லை. மூன்று மீட்டருக்கு நெருங்கி வந்து கேட்டால் நான்கு சரி. 3/60 என்று எழுதுகிறார்கள். இந்த வயதில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்புரை. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துத்தான் அதை உறுதி செய்வார்.

தவறான விடைகளும் சேதி சொல்லும். மேல், கீழ் எல்லாம் சரியாக வந்து, இடம் வலம் மட்டும் திரும்பத் திரும்பத் தவறினால், அல்லது அதற்கு நேர்மாறாக நடந்தால், கருவிழி வளைவு ஒரு திசையில் மட்டும் கூடியிருக்கும் சிதறல் பார்வையாக இருக்கலாம். ஒரு திசைக் கோடு தெளிந்து, அதற்குக் குறுக்கான கோடு கலங்கும் கண் அது.

மூன்று வயதுக் குழந்தையிடம் இந்த முறை செல்லுபடியாகாது. இடம் வலம் பிரித்தறிவதே அந்த வயதில் தடுமாற்றம். குழந்தை தவறினால் தவறியது கண்ணா, புத்தியா என்று சொல்ல முடியாது. அதற்காகப் படங்களைக் காட்டினார்கள். அதிலும் ஓட்டை இருந்தது. குதிரைப் படத்தை நுணுக்கம் எதுவும் தெரியாமலே மொத்த உருவத்தை வைத்துச் சொல்லிவிடலாம். பார்வை இருப்பதைவிட நன்றாக இருப்பதாகக் கணக்காகும். பழைய படங்களில் ஒன்று டயல் சுழற்றும் டெலிபோன். இன்றைய பிள்ளைக்கு அது என்னவென்றே தெரியாது, கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும்.

ஃபின்லாந்தின் கண் டாக்டர் லெயா ஹுவேரினன் 1976-ல் இதைச் சரி செய்தார். அவர் வைத்தவை நான்கே உருவங்கள்: ஆப்பிள், வீடு, சதுரம், வட்டம். சாமர்த்தியம் அவற்றை வரைந்த விதத்தில். பார்வை எல்லையைத் தாண்டியதும் நான்கும் ஒரே மாதிரி மங்கி, வட்டம் போலத் தெரியும்படி அளவுகளைச் சரிக்கட்டினார். ஒன்று மட்டும் எளிதாகப் பிடிபட வாய்ப்பில்லை. ஆப்பிளைக் குழந்தை இதயம் என்றாலும் பரவாயில்லை. பேசாத குழந்தைக்கு மடியில் நான்கு படமுள்ள அட்டையைக் கொடுத்து, “இது மாதிரி எது கண்ணு, தொட்டுக் காட்டு” என்றால் போதும்.

ஆனால் உருவத்தை ஒற்றையாகக் காட்டக் கூடாது. சோம்பல் கண் உள்ள குழந்தை தனியாக நிற்கும் வீட்டைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடும். அதே அளவு வீடு வரிசைக்கு நடுவே வந்தால் தடுமாறும். அதனால் உருவங்களை நெருக்கி வரிசையாக வைக்கிறார்கள், அல்லது ஒற்றை உருவத்தைச் சுற்றி நான்கு கோடு போடுகிறார்கள். குழந்தைக்கு உதவலாம் என்று ஒவ்வொரு உருவமாக மற்றதை மறைத்துக் காட்டும் டீச்சர், தெரியாமலேயே அந்தக் கண்ணைப் பாஸ் போட்டு அனுப்பிவிடுகிறார்.